வளைவு எந்தப் பக்கம்? 6 மீட்டர் பீமில் நான் பட்ட பாடு

கதிர் (பீனியா)

பெங்களூரு ஹொரமாவு பக்கம் ஒரு வீட்டு வேலை. வாசல் கேட்டுக்கு மேலே 6 மீட்டர் ஸ்டீல் ஐ-பீம், இரண்டு பக்கமும் தூண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், அதனால் சிம்ப்ளி சப்போர்ட்டட். அதன்மேல் 200 மி.மீ. சாலிட் பிளாக் சுவர். இடது முனையில் சுவரின் உயரம் 0, வலது முனையில் 3 மீட்டர். நடுவில் ஒரு வளைகோடு, பக்கத்தில் பாரபோலிக் என்று ஒரு வார்த்தை. பூச்சையும் சேர்த்து கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் வைத்தால், வலது முனையில் லோடு மீட்டருக்கு 12 வரும்.

என் பழைய ஷீட்டில் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. இடது முனையிலிருந்து x அளந்து, லோடை x²/3 என்று எடுத்தேன். மொத்தம் 24 கிலோநியூட்டன், அதன் மையம் இடதிலிருந்து 4.5 மீட்டரில். ரியாக்‌ஷன் இடதில் 6, வலதில் 18.

```
V = 6 - x³/9
M = 6x - x⁴/36
```

V பூஜ்யமாவது x = 3.78-இல். அங்கே மொமென்ட் 17.0. நடுவில் 15.75-தான். பீமைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து சைட்டுக்குப் போனேன். பீம் ஏறியிருந்தது. சுவரின் வளைவுக்கு அளவாக மேஸ்திரி ஒரு பி.வி.சி. பைப்பை வளைத்துக் கட்டியிருந்தார். என் கணக்குப்படி நடுவில் சுவர் 0.75 மீட்டர், இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும். பைப் என் தலைக்கு மேலே போனது, 2.25 மீட்டரில்! கிண்ணம் மாதிரி உள்ளே குழியும் கோட்டுக்கு நான் கணக்குப் போட்டிருக்கிறேன். வரைபடத்தில் இருந்தது குன்று மாதிரி வெளியே உப்பும் கோடு. மேஸ்திரி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். தப்பு என்னுடையது. நல்லவேளை, ஒரு பிளாக்கூட வைக்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செல்வி (அல்சூர்)

கதிர், இரண்டு கோட்டுக்கும் முனைகள் ஒன்றே: 0, 12. ஆனால் பரவளைவின் உச்சி எந்த முனையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே மாறுகிறது. உன் கணக்கில் உச்சி இடதில். உண்மையில் அது வலதில், சுவர் உயரமாக இருக்கும் பக்கம், கோடு அங்கே போய்த் தட்டையாகிறது. அப்போது லோடு 4x - x²/3. மொத்தம் 24 இல்லை, 48. ரியாக்‌ஷன் இடதில் 18, வலதில் 30.

```
V = 18 - 2x² + x³/9
M = 18x - 2x³/3 + x⁴/36
```

V பூஜ்யமாகும் இடம் 3.32 மீட்டர். அங்கே மொமென்ட் 38.7. உன் 17-இன் இரண்டு மடங்குக்கும் மேலே.

நான் படம் சரிபார்க்கும்போது எண்ணை முதலில் பார்க்க மாட்டேன், ஷியர் படத்தின் சாய்வைப் பார்ப்பேன். எந்த இடத்திலும் அந்தச் சாய்வுதான் அங்கே உள்ள லோடு. இடது முனையில் லோடு 0 என்பதால் இரண்டு படமும் அங்கே மட்டமாகத்தான் தொடங்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வலது முனைக்குப் போ. குன்று வடிவ லோடு அங்கே கிட்டத்தட்ட மாறாமல் நிற்பதால், ஷியர் கோடு கடைசி அரை மீட்டரில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இறங்கும். கிண்ண வடிவத்தில் கடைசிவரை வளைந்துகொண்டே செங்குத்தாகும். உன் ஷீட்டின் படத்தை அந்த வரைபடத்தின் கீழே வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பாஸ்கர், கான்ட்ராக்டர்

இதற்கெல்லாம் பரவளைவு எதற்கு சார்? நான் எப்போதும் முக்கோணமாக எடுத்துக்கொள்வேன். 0-இலிருந்து 12-க்கு நேர்கோடு. சேஃப் சைடு. இருபது வருஷமாக ஒரு பீமும் விழவில்லை.

செல்வி (அல்சூர்)

பாதி சரி, பாஸ்கர் சார். முக்கோணத்துக்கு மொமென்ட் 27.7 வரும். கிண்ணக் கோட்டுக்கு அது 17-ஐவிட அதிகம், சேஃப்தான். குன்றுக்கு 38.7 வேண்டும், அதற்கு உங்கள் முக்கோணம் குறைவு. நேர்கோட்டுக்கு மேலே சுவர் போகிறதா கீழே போகிறதா என்று பார்க்காமல் சேஃப் சைடு என்று சொல்ல முடியாது.

ராஜா

நான் பாலம் வேலையில் இருக்கிறேன். கேபிள் பாரபோலிக்காகப் போனால் மேலே தள்ளும் லோடு சீராகத்தான் வரும், 8Pe/L². கதிர் ஏன் x³ வரை போகிறார் என்று புரியவில்லை.

கதிர் (பீனியா)

ராஜா அண்ணா, அது கேபிளின் பாதை பரவளைவு. இங்கே லோடே பரவளைவு, கேபிளே கிடையாது.

தீபா (கே.ஆர்.புரம், மூன்றாம் வருஷம்)

அக்கா, நான் கிண்ணக் கோட்டை 1 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீரான லோடு வைத்து சாஃப்ட்வேரில் போட்டேன். மொத்தம் 30.33 வந்தது, 24 வரவில்லை. எங்கே தப்பு?

செல்வி (அல்சூர்)

ஒவ்வொரு துண்டின் வலது முனையில் இருக்கும் லோடை எடுத்திருப்பாய், தீபா. துண்டின் நடுவில் இருப்பதை எடு, 23.83 வரும். படம் வரைவதற்கு முன்னால் ரியாக்‌ஷன்களைக் கூட்டி மொத்த லோடோடு ஒப்பிட்டுவிடு.

தீபா (கே.ஆர்.புரம், மூன்றாம் வருஷம்)

23.83 வந்துவிட்டது அக்கா. ஆனால் ஷியர் படம் கோணல்மாணலாக, ஆறு நேர்கோடாக இருக்கிறது. பூஜ்யப் புள்ளியும் 3.780-க்குப் பதில் 3.776 என்று வருகிறது.

செல்வி (அல்சூர்)

கோணலாகத்தான் இருக்கும், ஒவ்வொரு துண்டிலும் லோடு மாறாமல் நிற்கிறதே. அதிகபட்ச மொமென்ட் கொஞ்சம்தான் மாறும், ஏனென்றால் அங்கே மொமென்ட் கோடு தட்டை. பூஜ்யப் புள்ளி துல்லியமாக வேண்டுமென்றால் கையால் போடு: x³ = 54, அவ்வளவுதான். இன்னொரு செக்: இடதிலிருந்து அந்தப் புள்ளிவரை ஷியர் படத்தின் பரப்பு, 6 × 3.78-இல் முக்கால் பங்கு. 17.0. மொமென்ட்டும் அதுவே.

பாஸ்கர், கான்ட்ராக்டர்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவர் எடை முழுக்க பீமுக்கு வருமா? லின்டெலுக்கு முக்கோண அளவு சுவரைத்தானே எடுப்போம், மீதி ஆர்ச் ஆகி இரண்டு பக்கமும் போய்விடும்.

கதிர் (பீனியா)

அதற்கு இரண்டு பக்கமும் தாங்க சுவர் வேண்டும். இங்கே இடது முனையில் சுவரே இல்லை. காரை இறுகாத முதல் நாட்களில் எப்படியும் முழு எடையும் பீமில்தான். நான் முழுசாகவே எடுத்தேன்.

பாஸ்கர், கான்ட்ராக்டர்

முதல் நாட்கள் சரி. பிறகு வலது பக்கம் கொஞ்சமாவது தூணுக்கு நேராகப் போகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ராஜா

அது சரி, கடைசியில் என்ன செய்தீர்கள்? பீமை இறக்கினீர்களா?

கதிர் (பீனியா)

இறக்கவில்லை. சாலிட் பிளாக்குக்குப் பதிலாக ஏ.ஏ.சி. பிளாக். பூச்சோடு சதுர மீட்டருக்கு 4-க்குப் பதில் 1.9 கிலோநியூட்டன் எடுத்தேன். வலது முனையில் 5.7, அதே குன்று வடிவத்துக்கு மொமென்ட் 18.4. 17-ஐவிடக் கொஞ்சம் கூடுதல், பீமின் கையிருப்புக்குள் அடங்கிவிட்டது. தொய்வையும் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கத் தூணுக்கும் சொல்ல வேண்டியிருந்தது: அங்கே 18 என்று கொடுத்திருந்தேன், இப்போது 14.25. குறைந்தது என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. இடதில் மட்டும் 6 இருந்த இடத்தில் 8.55, அந்தப் பக்கம் பீம் உட்காரும் பேரிங் பேடை மறுபடி பார்த்தேன்.

வீட்டுக்காரருக்குத்தான் ஏ.ஏ.சி. பிடிக்கவில்லை. ஆணி அடித்தால் நிற்காதாம். கேட்டுக்கு மேலே என்ன மாட்டப்போகிறார் என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.