90 நிமிடப் பந்தய விலையிலிருந்து ‘அடுத்த சுற்றுக்குச் செல்லும் அணி’யின் விலையைக் கணக்கிடுவது எப்படி?

பொருநை_கணக்கு: எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் 90 நிமிட விலைகள் உள்ளூர் அணிக்கு 1.90, டிராவுக்கு 3.50, எதிரணிக்கு 4.50. பந்தய நிறுவனத்தின் மார்ஜினை விகிதப்படி நீக்கியதில் 50.9, 27.6, 21.5 சதவீதம் கிடைத்தன. டிராவின் பங்கையும் வெற்றி விகிதத்திலேயே பிரித்ததால், உள்ளூர் அணி முன்னேற 70.3 சதவீதம், அதாவது நியாய விலை 1.42 என்று வந்தது. சந்தையில் 1.44 கிடைக்கிறது; இந்த லாபம் உண்மைதானா?

மதுரை_கோல்: இல்லை. டிரா ஆனபின் இரு அணிகளும் சமம்தான். பாதிப் பாதியாகப் பிரித்தால் 64.7 சதவீதம், விலை 1.55.

பழைய_டிரேடர்: உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கூடுதல் நேரத்தில் வலுவான அணியின் சாதகம் தொடரும் என்றாலும், 30 நிமிடம் அதை வெளிக்காட்டப் போதாது. பாய்சான் கணக்கில் உங்கள் விலைகளுக்கு ஏறத்தாழ 1.4, 0.8 கோல்கள் பொருந்துகின்றன. இவற்றின் மூன்றில் ஒரு பங்கான 0.47, 0.27 கோல்களைக் கூடுதல் நேரத்துக்கு எடுத்தால், உள்ளூர் அணி 30 சதவீதமும் எதிரணி 16 சதவீதமும் வெல்லும். மீதி 54 சதவீதம் பெனால்டிக்குப் போகும். பெனால்டியைச் சமமாகப் பிரித்தால் டிராவில் உள்ளூர் அணியின் பங்கு 57.3 சதவீதம்.

```
0.509 + 0.276 × 0.573 = 0.667
1 / 0.667 = 1.50
```

ஆகவே 1.44 லாபகரமான விலை அல்ல. களைப்பாலோ எச்சரிக்கையாலோ கோல் வேகம் 10 சதவீதம் குறையும் என்று வைத்தாலும் விடை 1.50-ஐ விட்டு நகரவில்லை. எனவே அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கோவை_ரசிகன்: நான் லீக் கோப்பையின் தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கு இதே முறையைப் பின்பற்றினேன், வலுவான அணிக்கான சந்தை விலை எப்போதும் என் விலையைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஏன்?

பழைய_டிரேடர்: அந்தச் சுற்றுகளில் கூடுதல் நேரமே கிடையாது ஐயா, டிரா என்றால் நேராகப் பெனால்டிதான். அங்கே மதுரை நண்பரின் பாதிப் பாதிக் கணக்குதான் சரி. எஃப்.ஏ. கோப்பையிலும் 2024-25 பருவம் தொடங்கி முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் நீக்கப்பட்டுவிட்டதால், பழைய முடிவுகளோடு ஒப்பிடுபவர்கள் போட்டி விதியை முதலில் பார்க்க வேண்டும்.

மதுரை_கோல்: பெனால்டி சமம் என்பதை ஏற்கிறேன். ஆனால் 90 நிமிடத்தில் வெல்லத் தவறிய அணியை, ஆட்டத்துக்கு முன் மதித்த அதே பலத்தோடு கூடுதல் நேரத்துக்கு அனுப்புவது நியாயமா?

பழைய_டிரேடர்: நல்ல கேள்வி. டிரா ஆனது என்பதே இரு அணிகளின் இடைவெளி நாம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதற்கு ஒரு சிறு சான்று, எனவே 57.3-ஐ ஓரளவு குறைப்பவர்கள் உண்டு. எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்தில்லை. நான் 56-க்குக் கீழே போவதில்லை.

பொருநை_கணக்கு: 56 என்றாலும் 66.4 சதவீதம், விலை 1.51 வருகிறது. 1.44-ஐ விட்டுவிடுகிறேன். மார்ஜினை விகிதப்படி நீக்கியது சரியா என்பதுதான் இப்போது உறுத்துகிறது; எதிரணியின் 4.50-இல் கூடுதல் மார்ஜின் ஒளிந்திருந்தால் 50.9 என்பதே உயர்ந்துவிடும் அல்லவா?