கடைக்கு சர்வே வந்த அன்னிக்கு: டேக் விலையில எண்ணின ஸ்டாக்கும் ராத்திரி எழுதின ஸ்டேட்மெண்ட்டும்

ரெடிமேட் கடை, ஈரோடு பக்கம்:
நம்ம ஆளுங்க நிறைய பேரு கேட்டதால எழுதறேன். நடந்து மூணு வருஷம் ஆச்சு, இப்பத்தான் பதட்டமில்லாம சொல்ல முடியுது. காலைல பதினொன்றரை மணி, கடைல நாலு கஸ்டமர் இருக்காங்க, அஞ்சு பேரு உள்ள வந்தாங்க. நான் சட்டை எடுக்க வந்த கூட்டம்னு நினைச்சு பையன்கிட்ட "ஜென்ட்ஸ் செக்சன் காட்டுடா"ன்னேன். ஐடி கார்டு காட்டினாங்க, வருமான வரி சர்வேன்னு ஆர்டரையும் காட்டினாங்க, படிச்சு பாத்துட்டு கையெழுத்து போடுங்கன்னாங்க. என் கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியல, போட்டுட்டேன்.

முதல்ல கல்லாவை எண்ணினாங்க. 88,000 இருந்துச்சு, டாலில கேஷ் 61,000 காட்டுது. அன்னிக்கு காலை பில்லு எதையும் இன்னும் டாலில ஏத்தல, பில்லிங் மெஷின்ல இருந்து பிரிண்ட் எடுத்து கொடுத்ததும் 27,000 நேர் ஆயிடுச்சு, அது அஞ்சு நிமிசத்துல முடிஞ்ச விசயம். அப்புறம் கேட்டது பர்ச்சேஸ் பில் ஃபைல், சேல்ஸ் பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், போன வருச ரிட்டர்ன், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு. ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கான்னாங்க. ஐட்டம் வாரியா நாங்க வெக்கறதில்லைங்க, உள்ளதை சொன்னேன்.

கல்லாவுக்கு கீழ ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு கிடந்துச்சு. அதுல "ராசு 15, மணி 8, ராசு 22"ன்னு எழுதியிருக்கும். ஆபீசர் அதை எடுத்து பக்கம் பக்கமா புரட்டி, ராசுங்கறது யாரு, 15 ஆயிரம் கடன் கொடுத்தீங்களா, வட்டிக்கு விடறீங்களான்னு கேக்கறாரு. அது டெய்லர் ராசுக்கு ஆல்ட்ரேஷனுக்கு அனுப்பின பேண்ட்டு எண்ணிக்கைங்க! ராசு அண்ணனோட வார கூலி வவுச்சரை எடுத்து காட்டி, பீசு எண்ணிக்கையும் இதுவும் ஒண்ணுதான்னு நாலு வாரத்துக்கு ஒத்து பாத்த பின்னாடிதான் நம்பினாங்க.

இதெல்லாம் சின்னது. பெரிய விசயம் ஸ்டாக்குதான். மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரு ரேக் ரேக்கா எண்ணி, பீசுல தொங்கற டேக்ல என்ன விலையோ அதையே போட்டு கூட்டினாங்க. 42 லட்சம் வந்துச்சு. டாலி கணக்குப்படி அன்னிக்கு இருக்க வேண்டியது 27 லட்சம். ராத்திரி ஒம்போது மணிக்கு என்னை உக்கார வெச்சு லேப்டாப்ல கேள்வி டைப் பண்றாங்க: "15 லட்சம் அதிகமா இருக்கே, இது கணக்குல வராத வருமானம்னு ஒத்துக்கறீங்களா?" மத்தியானம் சாப்பிடல, தலை சுத்துது. ஆமான்னு சொல்லிட்டா கிளம்பிருவாங்களேன்னு ஒரு நிமிசம் தோணுச்சுங்க, பொய் சொல்லல.

கோவை ஹார்டுவேர்:
நீங்க கையெழுத்தே போட்டிருக்க கூடாதுங்க. சர்வேல எடுக்கற ஸ்டேட்மெண்ட் கோர்ட்ல செல்லாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. அவங்க என்ன எழுதினாலும் போட்டுட்டு மறுநாள் இல்லைன்னு ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சுது.

ஆடிட்டர் ஆபீஸ், 22 வருச சர்வீஸ்:
ஹார்டுவேர் அண்ணன் சொன்னது பாதிதான் சரி. நீங்க சொல்றது காதர்கான் சன் கேஸு, நம்ம சென்னை ஹைகோர்ட்ல வந்தது, 2012ல சுப்ரீம் கோர்ட்டும் அதை அப்படியே விட்டுச்சு. வருமான வரி சட்டம் 133ஏ செக்ஷன்ல நடக்கற சர்வேல சத்தியப் பிரமாணம் இல்லாம எடுக்கற ஸ்டேட்மெண்ட்டை மட்டும் வெச்சு வரி போட முடியாது, வேற ஆதாரமும் வேணும்ங்கறதுதான் அதுல வர்ற விசயம். ஆனா இவர் கேஸ்ல ஸ்டேட்மெண்ட் தனியா நிக்கல, பக்கத்துலயே இவரே கையெழுத்து போட்ட ஸ்டாக் லிஸ்ட் 42 லட்சம்னு இருக்கு. மறுநாள் லெட்டர் போட்டா அந்த லிஸ்ட் எங்க போகும்?

அப்புறம் கையெழுத்தே போட மாட்டேன், பதிலே சொல்ல மாட்டேன்னு நின்னீங்கன்னா அவங்களுக்கு அதே சட்டத்துல 131 செக்ஷன் அதிகாரம் வந்துரும், சத்தியப் பிரமாணத்தோட ஸ்டேட்மெண்ட் எடுக்கலாம். நீங்களே போய் நல்லா வலுவான ஸ்டேட்மெண்ட் ஒண்ணை வரவழைச்சு கொடுத்த மாதிரி ஆயிடும். பதில் சொல்லுங்க, தெரியாததை தெரியாதுன்னு சொல்லுங்க, கணக்கை பாத்து சொல்றேன்னா அப்படியே எழுத சொல்லுங்க.

இன்னொண்ணு, ஒத்துக்கோன்னு வற்புறுத்தக்கூடாதுன்னு 2003 மார்ச்லயே அவங்க மேலிட போர்டு சிபிடிடி அவங்க ஆளுங்களுக்கே இன்ஸ்ட்ரக்ஷன் போட்டிருக்கு. ஆனா ராத்திரி ஒம்போது மணிக்கு அந்த பேப்பரை தூக்கி காட்டி சண்டை போடறதுல பிரயோஜனம் இல்ல. கடைக்காரர் அப்புறம் என்ன பண்ணாருன்னு சொல்லுங்க, அதுதான் முக்கியம்.

மளிகை மொத்த வியாபாரம்:
எங்களுக்கும் வந்தாங்க, ஆனா வெளிய வெயிட் மெஷின்கிட்ட நின்னு ஜிஎஸ்டி சர்டிபிகேட் ஏன் மாட்டலைன்னு கேட்டாங்க, சர்டிபிகேட் உள்ள பீரோல இருந்துச்சு. ஈ-வே பில்லு எல்லாம் கேட்டாங்க. ஐஎன்எஸ்-01 னு ஒரு ஃபார்ம் காட்டினாங்க. இதுவும் அதேதானே?

ஆடிட்டர் ஆபீஸ், 22 வருச சர்வீஸ்:
இல்லைங்க, உங்களது ஜிஎஸ்டி இன்ஸ்பெக்ஷன், செக்ஷன் 67. அது வேற சட்டம், வேற ஆளுங்க. ஜிஎஸ்டில சரக்கையே சீஸ் பண்ண முடியும். வருமான வரி சர்வேல ஸ்டாக்கையோ பணத்தையோ கடையை விட்டு எடுத்துட்டு போக முடியாது, எண்ணி குறிச்சுக்கத்தான் முடியும். புக்கு, பேப்பர், ஹார்டு டிஸ்க் எடுத்துட்டு போகலாம். காரணம் எழுதி லிஸ்ட் போட்டு எடுக்கணும், லீவு நாள் சேர்க்காம 15 நாளுக்கு மேல வெச்சுக்கணும்னா மேலதிகாரி அனுமதி வேணும். அதனால வந்தது யாருன்னு முதல்லயே ஆர்டரை படிச்சு பாக்கறது நல்லது.

ரெடிமேட் கடை, ஈரோடு பக்கம்:
சொல்றேன். ஆடிட்டருக்கு போன் பண்ணிக்கறேன்னு கேட்டேன், பண்ணுங்கன்னாங்க. அவர் கேட்ட முதல் கேள்வியே "எந்த விலையில எண்ணினாங்க?" நான் டேக் விலைன்னேன். "ஸ்டாக் லிஸ்ட் கடைசி பக்கத்துல கையெழுத்து போட்டுட்டியா?" இன்னும் இல்லைன்னேன். "அப்ப கையெழுத்துக்கு மேல, இதெல்லாம் ஜிஎஸ்டி சேர்ந்த விற்பனை விலை, வாங்கின விலை இல்லைன்னு உன் கைப்பட எழுதி போடு"ன்னாரு. அந்த ஒரு வரிதான் என்னை காப்பாத்துச்சு.

கணக்கு இப்படி. எங்ககிட்ட எல்லாமே ஆயிரத்துக்கு கீழ உள்ள துணி, அப்ப ஜிஎஸ்டி 5 பர்சன்ட். 42 லட்சத்துல ஜிஎஸ்டியை கழிச்சா 40 லட்சம். எங்க மொத்த லாபம், அதாவது ஜிபி, விற்பனையில 16 பர்சன்ட், போன வருச ரிட்டர்ன்லயே இருக்கு, அதை கழிச்சா 33,60,000. டாலியோட 27 லட்சத்துக்கு கம்பேர் பண்ண வேண்டியது இதைத்தான், அப்ப வித்தியாசம் 6,60,000 தான்.

அடுத்து, முந்தின எட்டு நாள்ல வந்த நாலு பண்டல் ரேக்குக்கு போயிருச்சு, பில்லு பர்ச்சேஸ் ஃபைல்ல இருக்கு, டாலில ஏறல. மொத்தம் 4,10,000. லாரி ஆபீஸ் ரசீதோட தேதி இருந்ததால அவங்களாலயும் மறுக்க முடியல. மீதி வித்தியாசம் 2,50,000.

ஸ்டேட்மெண்ட்ல பதிலை இப்படி எழுத சொன்னேன்: டேக் விலையில எண்ணினதால வித்தியாசம் அதிகமா தெரியுது, ஏத்தாத பில் நாலு இருக்கு, நம்பரும் தேதியும் இது, இது போக மீதியை கணக்கை சரிபாத்து சொல்றேன். ஆபீசருக்கு பிடிக்கல. "நீளமா இருக்கு, ஒரு வரில சொல்லுங்க"ன்னாரு. நான் இல்லைங்க அப்படியே அடிங்கன்னேன். டைப் பண்ணது இங்கிலீஷ்ல. எனக்கு தமிழ்ல படிச்சு சொல்லுங்கன்னு கேட்டேன், இன்னொருத்தர் படிச்சு சொன்னாரு. ஒரு இடத்துல நான் சொன்ன "ஏத்தாத பில்லு" அவங்க டைப்ல கணக்குல இல்லாத பர்ச்சேஸ்னு வந்திருந்துச்சு. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! திருத்தி, திருத்தின இடத்துல ரெண்டு பேரும் சின்ன கையெழுத்து போட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டு முடிக்கறப்ப மணி பன்னெண்டே கால்.

திருப்பூர் நூல் ஏஜென்ட்:
எங்க அண்ணன் கடைல ஒரு வார்த்தைதான் வினையாச்சு. கணக்கு புக்கு எங்கன்னு கேட்டதுக்கு சும்மா "வீட்ல இருக்கும்"னு சொல்லிட்டாரு. உண்மைல எல்லாம் கடை கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரு வீட்டுக்கு போயிட்டாங்க, எங்க அண்ணி ஒரே அழுகை. வீட்டுக்கு அவங்க வரக்கூடாதுன்னு சொல்வாங்களே?

ஆடிட்டர் ஆபீஸ், 22 வருச சர்வீஸ்:
வீடு வியாபார இடம் இல்லைன்னா தானா வர முடியாதுதான். ஆனா நம்மளே புக்கு, பணம், சரக்கு அங்க இருக்குன்னு வாயால சொல்லிட்டா அந்த இடத்துக்கும் போகலாம்னு சட்டத்துலயே இருக்கு. ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குன்னு சொல்றதும் இதே மாதிரிதான், எங்களுக்கே ரெண்டு தடவை நடந்திருக்கு, டீ குடிச்சிட்டு இருக்கறப்ப வந்து நிப்பாங்க.

கோவை ஹார்டுவேர்:
சரி, அந்த மீதி 2,50,000 என்ன ஆச்சு?

ரெடிமேட் கடை, ஈரோடு பக்கம்:
அதுக்கு என்கிட்ட பேப்பர் இல்ல. பழைய சீசன் துணி பாதி விலைக்குத்தான் போகும், டேக்ல பழைய விலையே தொங்குதுன்னு சொல்லி பாத்தோம், அதுக்கு தள்ளுபடி பில்லு கொஞ்சம்தான் காட்ட முடிஞ்சுது. அந்த வருச ரிட்டர்ன்ல வியாபார வருமானமா காட்டி வரி கட்டிட்டோம். அப்புறம் அசெஸ்மெண்ட்ல, இது வியாபார வருமானம் இல்ல, 69பி செக்ஷன்ல வர்ற கணக்குல காட்டாத முதலீடு, அதுக்கு 115பிபிஇ செக்ஷன் ரேட்டு போடணும்னு நோட்டீஸ். அந்த வருச ரேட்டு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78 பர்சன்ட். 2,50,000க்கு 1,95,000 வரி, நினைச்சு பாருங்க.

ஆடிட்டர் ஆபீஸ், 22 வருச சர்வீஸ்:
ரேக்குல மத்த துணியோட கலந்து கிடந்த அதே சரக்குதான், வியாபாரத்துல வந்த பணம்தான்னு காட்டினா வியாபார வருமானம்னு ட்ரிப்யூனல்ல ஜெயிச்சவங்க இருக்காங்க, தோத்தவங்களும் இருக்காங்க. ஸ்டேட்மெண்ட்ல அந்த சரக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்களா, நீங்க என்ன சொன்னீங்க?

ரெடிமேட் கடை, ஈரோடு பக்கம்:
கேட்டாங்க. "கடை வியாபாரத்துல சுத்தின பணத்துல வாங்கினதுதான்"னு சொன்னேன், அந்த வரி ஸ்டேட்மெண்ட்ல இருக்கு. காப்பி அன்னிக்கே தரல, எழுதி கேட்டு பின்னாடிதான் வாங்கினோம். அப்பீல்ல அதைத்தான் வெச்சிருக்கோம், இன்னும் ஹியரிங் வரல.