ரிவ்யூவர் திருப்பி அனுப்பிய லிமிடேஷன்ஸ் பத்தி: உங்கள் அனுபவம்?

கயல்:
செவிலியர்களின் இரவுப் பணி, தூக்கம் பற்றிய சர்வே. 600 பேருக்குக் கூகுள் படிவம் அனுப்பியதில் 240 பேர் நிரப்பினார்கள். ஆய்வின் குறைகளைச் சொல்லும் பழைய பத்தி இப்படி முடிந்தது: "பதில் வீதம் குறைவு. தூக்க நேரம் அவர்களே சொன்னது. எனவே முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது." ரிவ்யூவர், "அப்படியானால் எதைத்தான் நம்புவது?" என்று கேட்டுவிட்டார்.

முருகவேல்:
அந்த "எனவே" வாக்கியத்தை முதலில் தூக்குங்கள், மொத்த ஆய்வையும் அது கீழே தள்ளுகிறது. 40 சதவீதம் என்பதையும் சொல்ல வேண்டாம். 60-க்குக் கீழே போனாலே ஆய்வு செல்லாது என்பார்கள்.

தேன்மொழி:
"எனவே" பற்றிச் சொன்னது சரி. எண்ணை மறைக்கக் கூடாது. வீதம் குறைந்தாலே முடிவு கோணிவிடாது. பதில் சொல்லாதவர்கள் எப்படி வேறுபட்டவர்கள் என்பதே கேள்வி. இத்தகைய ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் வழிகாட்டுதலின் 19-ஆவது அம்சமும் சார்பு எந்தத் திசையில், எவ்வளவு இருக்கலாம் என்றுதான் கேட்கிறது.

கயல், உங்களிடம் இரண்டு முடிவுகள் உள்ளன. "இத்தனை சதவீதம் பேருக்குத் தூக்கம் போதவில்லை" என்பது பலமாக அடிபடும், ஏனென்றால் தூக்கம் கெட்டவர்கள் ஆர்வமாக நிரப்பியிருக்கலாம். "இரவுப் பணி கூடக்கூடத் தூக்கம் குறைகிறது" என்பது அவ்வளவு அடிபடாது. இரவுப் பணியும் தூக்கமின்மையும் சேர்ந்தே ஒருவரை நிரப்பத் தூண்டியிருந்தால்தான் அந்தத் தொடர்பு செயற்கையாகக் கூடும். எந்தக் குறை எந்த முடிவைத் தொடுகிறது என்று பிரித்து எழுதினால் மற்றது தானாக நிற்கும்.

செல்வராணி:
எங்கள் கிராம சர்வேயில் பதில் வீதம் ரொம்ப நல்லது. ஆனால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மருமகள் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி என்ன சொல்வாள்? அதை எப்படி எழுதுவது?

தேன்மொழி:
அது வேறு சிக்கல் அக்கா, பதிலே மாறிப்போவது. யார் கூட இருந்தார் என்று படிவத்தில் குறித்திருந்தால், தனியாகப் பேசியவர்களின் பதிலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதுங்கள்.

கயல்:
இப்படி மாற்றியிருக்கிறேன்: "அழைக்கப்பட்டவர்களில் 40 சதவீதத்தினர் பதிலளித்தனர். தூக்கக் குறைபாடு உள்ளவர்கள் கூடுதலாகப் பங்கேற்றிருந்தால் எங்கள் சதவீத மதிப்பீடு உண்மையைவிட அதிகமாக இருக்கும். பணிநேரத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை இது குறைவாகவே பாதிக்கும் எனக் கருதுகிறோம். நினைவூட்டலுக்கு முன்னும் பின்னும் பதிலளித்தவர்களிடையே அத்தொடர்பு ஒத்திருந்தது."

முருகவேல்:
கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் தாமதமாகப் பதிலளித்தவர், பதிலே தராதவரைப் போன்றவர் என்று எப்படிச் சொல்வது?

தேன்மொழி:
உறுதியாகச் சொல்ல முடியாது. சிலர் இந்த ஒப்பீட்டையே ஏற்பதில்லை. அதனால்தான் "நிரூபிக்கிறது" என்று எழுதாமல் "ஒத்திருந்தது" என்று நிறுத்தச் சொல்வேன். இன்னொன்று, கயல்: சுருக்கத்தில் "இரவுப் பணி தூக்கத்தைக் குறைக்கிறது" என்று இருக்கிறதா? ஒரே முறை எடுத்த சர்வே அது, எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே அந்த வினை நின்றால் இங்கே எவ்வளவு கவனமாக எழுதினாலும் ரிவ்யூவர் மறுபடி பிடிப்பார்.

கயல்:
இருக்கிறது. "தொடர்புடையது" என்று மாற்றுகிறேன். கைடு ஒத்துக்கொள்வாரா என்றுதான் தெரியவில்லை.