"நீ எந்த செட்டுடே?" – சாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்ட கதை

பாளையங்கோட்டைக்காரன்:
வெளிநாட்டில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்தபோது, கேட்காமலே என் பழைய வேதியியல் சார் பெயரையும் மெயிலையும் படிவத்தில் போட்டுவிட்டேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு பல்கலைக்கழகம் அனுப்பிய இணைப்பு அவருடைய ஸ்பேமில் கிடந்தது. கடைசி தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெருமாள்புரத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நீ எந்த செட்டுடே?" என்றார். மூன்று வருஷம் முன்பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பார்த்து!

மறுநாள் ஒரே ஒரு தாள் எழுதிக் கொண்டுபோனேன். படித்த ஆண்டுகள், பதிவெண், அவர் எடுத்த இரண்டு பாடங்கள், அவற்றில் என் மதிப்பெண், சேரப்போகும் படிப்பு, கடைசி தேதி. கீழே புராஜெக்ட்: பாபநாசம் முதல் சீவலப்பேரி வரை நாலு இடத்தில் எடுத்த தாமிரபரணித் தண்ணீரின் கடினத்தன்மை. ஒரே தண்ணீரை மூன்று தடவை டைட்ரேஷன் செய்தும் அளவு ஒத்துவரவில்லை. கரைசலை அளந்து விடும் பியூரெட் குழாய் அடியில் கசிவதைப் பார்த்துவிட்டு, நாலு இடத்துத் தண்ணீரையும் முதலிலிருந்து செய்தேன். சார் அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு, "லேப் அசிஸ்டண்டை ஏழு மணி வரைக்கும் வீட்டுக்கு விடாதவன் நீதானா?" என்றார். கடிதம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அம்பை தங்கம்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு? நன்னடத்தைச் சான்றிதழ் கல்லூரி ஆபீஸிலேயே தருவாங்களே.

தென்காசி ஆசிரியை:
அது வேறு தங்கம். அதில் ஒழுக்கம் நல்லது என்று ஒரு வரிதான் இருக்கும். இங்கே கேட்பது, கூட இருந்து பார்த்தவர் சொல்வது. நானும் இப்படிக் கடிதங்கள் எழுதுகிறேன். மதிப்பெண் பட்டியலில் இருப்பதையே திரும்ப எழுதினால் வாசிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பியூரெட் போல ஒன்று இருந்தால் எழுத முடியும். இன்னொன்று, "எழுதித் தாங்க சார்" என்பதைவிட "என்னைப் பற்றி நல்லபடியா எழுத முடியுமா, சரிப்படாதுன்னா சொல்லிருங்க" என்று கேளுங்கள். அரைமனசாக எழுதினால் அது கடிதத்திலேயே தெரிந்துவிடும்.

மேலப்பாளையம் பாய்:
ஜிமெயிலில் இருந்து அனுப்பினால் எங்கேயும் ஏற்க மாட்டார்கள். அதைச் சொல்லவில்லையே?

பாளையங்கோட்டைக்காரன்:
அப்படியும் இல்லை பாய். சார் ஓய்வுபெற்றவர், கல்லூரி மெயில் கிடையாது. சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். எந்த ஆண்டுவரை, என்ன பொறுப்பில் இருந்தார் என்று கடிதத்திலேயே எழுதினால் போதும் என்றார்கள். இன்னொரு பல்கலைக்கழகம் பதிலே போடவில்லை.

வள்ளியூர் மருமகன்:
வேலைக்கும் இதே பாடுதான். பழைய மேனேஜருக்கு நான் சொல்லி வைக்கவில்லை. திடீரென்று போன் வந்ததும் "ரெண்டு வருஷம் இருந்தான்னு நினைக்கேன்" என்றிருக்கிறார். பயோடேட்டாவில் நான் போட்டிருந்தது இரண்டு வருடம் எட்டு மாதம். ரிலீவிங் லெட்டரை அனுப்பி ஒப்பேற்றினேன். இப்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, என்ன வேலைக்குப் போகிறேன் எல்லாவற்றையும் முதல்நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

அம்பை தங்கம்:
சரி, என் மகளுடைய சார் "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போடுதேன்"ங்கிறார். எழுதலாமா?

தென்காசி ஆசிரியை:
நான் விடமாட்டேன். விவரத்தாள் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

வள்ளியூர் மருமகன்:
டீச்சர், அவர் எழுதவே மாட்டேன்னா அந்தப் பிள்ளை எங்க போகும்?