டீக்குப் போயிட்டு வந்தா மானிட்டர் எந்திரிக்க மாட்டேங்குது: டிஸ்ப்ளேபோர்ட் அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

திருப்பூர் பிரிண்ட் டிசைனர்

வணக்கங்க. பனியன் கம்பெனிக்கு பிரிண்ட் டிசைன் போட்டுக் குடுக்கற யூனிட்ல இருக்கேன். 27 இன்ச் மானிட்டர், 1440பி, 144 ஹெர்ட்ஸ், டிஸ்ப்ளேபோர்ட்ல போட்டிருக்கு. பக்கத்துல பழைய 19 இன்ச் ஒன்னு எச்.டி.எம்.ஐ.ல. பிரச்சினை என்னன்னா டீக்குப் போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து மவுஸை ஆட்டுனா சின்னது வந்துருது, பெருசு "சிக்னல் இல்லை"ன்னு காட்டிட்டு மறுபடியும் படுத்துக்குது. ரீஸ்டார்ட் பண்ணா வருதுங்க, ஆனா போன வாரம் ஆறு கலர் செபரேஷன் சேவ் பண்ணாம இருந்துச்சு, ரீஸ்டார்ட்ல மொத்தமும் போச்சு, மத்தியானம் வரைக்கும் பண்ணுன வேலை. இங்க பஞ்சு தூசி ஃபேன்ல அப்பிக்குதுன்னு சி.பி.யூவை கண்ணாடி கேபினுக்குள்ள வெச்சிருக்கோம், அதனால கேபிள் 5 மீட்டர். வேலை செய்யும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்குது, ஒரு புள்ளி கூட ஆடாது, அதனால கேபிள் மேல எனக்கு சந்தேகம் இல்லீங்க.

பல்லடம் தம்பி

அண்ணா இது கேபிள்தாங்ணா. விலை கம்மியான கேபிள்ல 20-வது பின்னையும் சேத்து இழுத்துருவாங்க, அதுல 3.3 வோல்ட் வரும், மானிட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு கரண்ட் ஏறிரும். எனக்கு அதே ஆச்சு, கேபிள் மாத்துனேன், சரியாயிருச்சு.

கோவை சர்வீஸ் அண்ணன்

தம்பி சொன்ன 20-வது பின் விஷயம் நெசம், ரெண்டு பக்கமும் மானிட்டர் கேபிள்ல அந்த பின்னை இணைக்கக் கூடாது. ஆனா அதுக்கு அடையாளம் வேற. சி.பி.யூ பிளக்கைப் புடுங்குன பிறகும் போர்டுல லைட் மினுக்குனாலோ, கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அடம் புடிச்சாலோ அதைச் சந்தேகப்படலாம். நம்ம திருப்பூர்க்காரருக்கு அது இல்லைன்னு நெனைக்கறேன்.

ஏனுங்க, உங்ககிட்ட ரெண்டாவது மானிட்டர் இருக்கறது ரொம்ப நல்லதாப் போச்சு. அடுத்த தடவை பெருசு வரலைன்னா ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, சின்னதுல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்து பெரிய மானிட்டர் லிஸ்ட்ல இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க. ரெண்டும் ரெண்டு வேற வியாதி.

டிஸ்ப்ளேபோர்ட்ல "நான் இங்க இருக்கேன்"னு மானிட்டர் சொல்றதுக்கு தனியா ஒரு கம்பி இருக்கு. சில மானிட்டர் தூங்கி கொஞ்ச நேரம் ஆச்சுன்னா கரண்ட் மிச்சம் புடிக்கறதுக்கு அந்தக் கம்பியையே கீழ இறக்கிரும். அப்ப கம்ப்யூட்டருக்கு கேபிளைப் புடுங்குன மாதிரிதான் தெரியும், லிஸ்ட்ல இருந்து காணாமப் போயிரும், திறந்து வெச்ச விண்டோ எல்லாம் சின்ன மானிட்டர்ல வந்து குமிஞ்சு கிடக்கும். அது மானிட்டர் பக்கம்.

லிஸ்ட்ல இருக்குது ஆனா திரை கருப்புன்னா, ஆளு இருக்கறது தெரியுது, பேச்சு ஒத்து வரலைன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் ரெண்டு பேரும் எந்த வேகத்துல அனுப்பறதுன்னு புதுசா பரிசோதனை பண்ணித்தான் ஒத்துக்குவாங்க. கேபிள் நீளமா விளிம்புல இருந்தா காலைல பாஸ் ஆகும், சாயங்காலம் ஃபெயில் ஆகும். பாஸ் ஆயிட்டா அப்புறம் படம் சுத்தமாத்தான் ஓடும், அதனால படம் நல்லா இருக்குங்கறதை வெச்சு கேபிள் நல்லதுன்னு சொல்லிர முடியாதுங்க. உங்க 1440பி 144-க்கு கேபிளுக்குள்ள டேட்டா போற ஒவ்வொரு லேனுக்கும் செகண்டுக்கு 5.4 ஜிகாபிட் வேகம் வேணும், சாதா காப்பர் கேபிள்ல அந்த வேகத்துக்கு நான் 2 மீட்டருக்கு மேல யாருக்கும் போடறதில்லை.

கேபிள் வாங்காமயே சோதிக்கலாம். மானிட்டர் மெனுல டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷன் மாத்தற இடம் இருந்தா 1.1-க்கு இறக்குங்க, வேகம் பாதியாயிரும், 60 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்க.

பவானி ஜமக்காளம்

எனக்கும் இதேதாங்க பிரச்சினை. வேலை பார்த்துட்டு இருக்கும்போதே திடீர்னு ரெண்டு செகண்ட் கருப்பாயி வந்துருது. பக்கத்து ரூம்ல தறி மோட்டார் போடற நேரத்துலதான் அதிகம்.

கோவை சர்வீஸ் அண்ணன்

அக்கா உங்களுது தூக்கத்துல வர்றது இல்லை, மோட்டார் போடும்போது வர்ற அதிர்ச்சி கேபிள்ல ஏறுது. முதல்ல எர்த்திங் பாருங்க, மானிட்டரும் சி.பி.யூவும் ஒரே பிளக் பாயிண்ட்ல இருக்கட்டும். அது வேற கதை, தனியா பேசுவோம்.

திருப்பூர் பிரிண்ட் டிசைனர்

அண்ணா சொன்னபடி ஒரு வாரம் நோட்டுல எழுதி வெச்சனுங்க, செட்டிங்ஸ் எதுவும் மாத்தாம. மொத்தம் 9 தடவை வரலை. 6 தடவை லிஸ்ட்ல இருந்துச்சு, கருப்பு. 3 தடவை லிஸ்ட்லயே இல்லை, அந்த மூணும் சாப்பாட்டுக்குப் போயிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்தப்ப ஆனது.

அடுத்த வாரம் 1.1-ல ஓட்டுனேன். கருப்பு ஒரு தடவை கூட வரலைங்க. கேபிள் மேல சந்தேகம் இல்லைன்னு நான் சொன்னது தப்புதான். ஆனா காணாமப் போறது அப்பவும் ரெண்டு தடவை வந்துச்சு. கிராஃபிக்ஸ் டிரைவரை ரீசெட் பண்றதுக்கு Win+Ctrl+Shift+B அமுக்குனேன், பீப் சத்தம் கேட்டுச்சு, திரை வரலை. கேபிளைப் புடுங்கி மாட்டுனேன், வரலை. மானிட்டரோட பவர் பிளக்கை சுவத்துல இருந்து புடுங்கி ஒரு நிமிஷம் விட்டு மாட்டுனதும் பட்டுனு வந்துருச்சு, சேவ் பண்ணாத ஃபைல் எல்லாம் அப்படியே இருந்துச்சு. இதை முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த செபரேஷன் போயிருக்காது.

கோவை சர்வீஸ் அண்ணன்

அப்ப ஒன்னு மேல ஒன்னா ரெண்டு கோளாறு. பிளக் புடுங்குனா வருதுன்னா மானிட்டருக்குள்ள இருக்கற சின்ன கன்ட்ரோலர் தூக்கத்துலயே மாட்டிக்குது, கம்ப்யூட்டர்ல டிரைவர் மாத்தி நேரத்தை வீணாக்காதீங்க. மெனுல "DP Deep Sleep"னோ அது மாதிரியோ இருக்கும், ஆஃப் பண்ணுங்க. தானா இன்புட் தேடறதையும் நிறுத்தி டிஸ்ப்ளேபோர்ட்டையே நிலையா வைங்க, இல்லைன்னா அது எச்.டி.எம்.ஐ. பக்கம் தேடிட்டு திரும்பி வர்றதுக்குள்ள கம்ப்யூட்டர் கை விட்டுரும்.

ஈரோடு வீடியோ எடிட்டர்

எங்கிட்ட இருக்கற மானிட்டர்ல அந்த டீப் ஸ்லீப் மெனுவே இல்லீங்க. கேபிள் ஒன்றரை மீட்டர்தான், மானிட்டரோட வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை இப்பவும் காணாமப் போகுது. கம்பெனி சைட்ல புது ஃபர்ம்வேர் போட்டிருக்காங்க, தூக்கத்துல இருந்து எந்திரிக்கறதை சரி பண்ணுனதா எழுதியிருக்கு, ஆனா நாமளே யு.எஸ்.பி.ல போட வழி இல்லை, சர்வீஸ் சென்டருக்கு மானிட்டரைத் தூக்கிட்டு வரச் சொல்றாங்க. கல்யாண சீசன், ஒரு நாள் கூட விட முடியாது. இப்போதைக்கு ஸ்க்ரீன் ஆஃப் ஆகறதையே நிறுத்திட்டு கருப்பு ஸ்க்ரீன்சேவர் போட்டு, பொழுதோட பட்டன்ல அணைச்சுட்டுப் போறேன்.

பல்லடம் தம்பி

அண்ணா, ஃபர்ம்வேர் போடும்போது கரண்ட் போயிட்டா மானிட்டர் செத்துருமாங்ணா?

கோவை சர்வீஸ் அண்ணன்

பாதில நின்னா திரும்ப எந்திரிக்காமப் போக வாய்ப்பு இருக்கு தம்பி, யு.பி.எஸ். இல்லாம தொடாதே. மெனுல இப்ப இருக்கற வெர்ஷன் நம்பரை முதல்ல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்க. ஈரோட்டுக்காரரே, அந்த குறிப்புல உங்க மாடல் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு அப்புறம் தூக்கிட்டுப் போங்க, ஒரே பேர்ல உள்ளுக்குள்ள வேற பேனல், வேற போர்டு வெச்சு விக்கறது உண்டு.

திருப்பூர் பிரிண்ட் டிசைனர்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். சி.பி.யூவை கேபின்ல இருந்து எடுத்து டேபிள் கீழ வலை அடிச்ச பெட்டிக்குள்ள வெச்சுட்டு 2 மீட்டர் கேபிள் போட்டாச்சு, டீப் ஸ்லீப் ஆஃப், இன்புட் நிலையா இருக்கு, 144 ஹெர்ட்ஸ் திரும்பி வந்துருச்சு. கருப்பு ஒன்னு கூட இல்லை. காணாமப் போனது ஒரே ஒரு தடவைங்க, அது கரண்ட் போயி வந்த அன்னைக்கு. அது எதனாலன்னு புடிபடலை, மறுபடியும் வந்தா நோட்டுல எழுதிட்டு வந்து சொல்றேன். வலையில மட்டும் பஞ்சு ரெண்டு நாளைக்கு ஒருக்கா அப்பிக்குது, பிரஷ் வெச்சுத் தட்டிட்டு இருக்கேன்.