முயலுக்கு வலது, பிள்ளைகளுக்கு இடது

பாலக்கோடு டீச்சர்: எல்.கே.ஜி. எடுக்கிறேன். போன மாதம் பழைய சாக்ஸில் ஒரு முயல் பொம்மை தைத்து, அது சாலையைக் கடக்கும் கதை சொன்னேன். "முதல்ல வலது, அப்புறம் இடது, மறுபடி வலது" என்று முயல் தலையைத் திருப்பும். நம் ஊரில் ஓரத்தில் நிற்பவருக்குக் கிட்டத்து வண்டி வலப்பக்கமிருந்து வருவதால் அந்த வரிசை. பிள்ளைகளும் கூடவே திரும்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து வராந்தாவில் சாக்பீஸால் ரோடு போட்டு நடக்கவிட்டேன். பாதிப் பேர் இடதை முதலில் பார்க்கிறார்கள்! முயல் அவர்களைப் பார்த்தபடி நின்றிருந்தது. அதன் வலது அவர்களுக்கு இடது. எனக்கு இது உறைக்கவே இல்லை.

மறுநாள் நானும் முயலும் பிள்ளைகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். "சோறு சாப்பிடும் கைப்பக்கம்" என்று சொன்னேன். ஒருத்தி இடக்கைக்காரி, அவளுக்கு மட்டும் தப்பானது. வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினேன், உடனே எல்லோரும் கையை நீட்டிவிட்டார்கள்.

ஓசூர்க்காரன்: சூப்பர் டீச்சர். இப்படிப் பழகினால் ஒண்ணாம் வகுப்புக்குள் தனியாகவே கடந்துவிடுவார்கள்.

ஊத்தங்கரை அங்கன்வாடி அக்கா: அப்படி நினைக்காதீங்க தம்பி. வண்டி வருவது அந்த வயதுக்குத் தெரியும், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்க வராது. என் கதையில் பாட்டி வந்து கையைப் பிடிக்கும்வரை முயல் ஓரத்திலேயே நிற்கும். ஒருமுறை லாரி இடித்து முயல் விழுகிற மாதிரி காட்டினேன். விழுந்தது எழுந்ததும் ஒரே சிரிப்பு, "இன்னொரு வாட்டி!" என்றார்கள். மதியம் பார்த்தால் லாரி விளையாட்டு ஆடுகிறார்கள், ஒருத்தன் ஓடி வந்து இடிக்க இன்னொருத்தன் விழுகிறான். அதோடு விபத்துக் காட்சியை விட்டுவிட்டேன். பயம் காட்டினால்தான் பதியும் என்று எங்கள் டீச்சர் ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தர்மபுரி பெரியவர்: நல்ல விஷயம். பேத்தி காதுகுத்துக்குத் தோல்பாவைக்கூத்து வைக்கணும். எவ்வளவு கேட்பீங்க?

பாலக்கோடு டீச்சர்: ஐயா, இது சாக்ஸ் பொம்மை!

காரிமங்கலம் அம்மா: என் பையன் இந்த மாதிரிக் கதையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஆனால் பள்ளி விட்டதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்தவன் நேராக ஓடி வந்தான். பைக்காரர் பிரேக் போட்டதால் தப்பித்தான். கதை எங்கே போச்சு?

ஊத்தங்கரை அங்கன்வாடி அக்கா: அம்மாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும் கண்ணு. நீங்க கேட் பக்கமே வந்து நில்லுங்க.

பாலக்கோடு டீச்சர்: நேற்று இதைக் கதையில் சேர்த்தேன். எதிர்ப்புறம் முயலின் அம்மா நிற்கிறாள், முயல் என்ன செய்யணும் என்று கேட்டேன். "நிக்கணும்" என்றார்கள். ஒருத்தி மட்டும், "அம்மா ஏன் மிஸ் அந்தப் பக்கம் நிக்குது?" என்றாள். பெற்றோர் கூட்டத்துக்கும் முயலைக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிறேன்.