போஸ்டர் வரைபடத்தில் மேற்கோள் எண்ணா, பெயரா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். தாமிரபரணி நீர்த்தரம் பற்றிய ஏ0 போஸ்டர் நாளை திருநெல்வேலியில் அச்சுக்குப் போகிறது. மேற்கோள் 12, இடமோ அடியில் ஒரு பட்டை மட்டும்.

உரை 28 பாயின்ட். மேலெழுத்தாக எண் போட்டால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். தள்ளி நிற்பவருக்கு 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் உரை அளவிலேயே [3] என வைத்திருக்கிறோம். அடிப்பட்டையில் கட்டுரைத் தலைப்பை விட்டுவிட்டு, வாட்சன், கிரிக். நேச்சர் 171, 737 (1953) என்ற மாதிரியில் ஒவ்வொன்றும் ஒரே வரி. இதழும் தொகுதியும் பக்கமும் இருந்தால் தேடி எடுத்துவிடலாம்.

சிக்கல் வரைபடத்தில்தான். குடிநீரின் பிஎச் வரம்பு 6.5–8.5 [4] என்று போட்டால் அந்த 4-ம் அளவீடுபோலத் தெரிகிறது. அங்கே மட்டும் பெயரும் ஆண்டும் போடலாமா, இல்லை எழுத்துக்குறி [ஈ] நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.